எந்த எல்லை?

எங்கள் கம்பெனியில் ஆங்கிலம் பேசினால் சமோசா வாங்கித் தர வேண்டும். இது பரந்தாமன் சார் போட்ட சட்டம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், முன்பு லாரிக்கு ஸ்பிரிங் செய்துகொண்டிருந்த ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதில் ராக்கெட் செய்கிறோம் என்று நாங்கள் உட்கார்ந்த முதல் நாளே போட்டுவிட்டார். ராக்கெட்டுக்கு 'குருவி' என்று பெயர். அதன் தலையில் உட்கார்ந்து மேலே போய், பிரிந்து, தனியாகக் கடலில் விழுகிற பாகத்துக்கு 'கூண்டு'. குருவியும் கூண்டும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தன. என் கோபமெல்லாம் மூன்றாவது சொல்லின் மேல்தான்.

அந்தச் சொல் 'எல்லை'.

ஆங்கிலத்தில் எங்கள் தொழிலில் ஓரத்துக்கும் விளிம்புக்கும் வரம்புக்கும் ஏகப்பட்ட வார்த்தைகள் உண்டு. சமோசாவுக்குப் பயந்து அத்தனையையும் பிள்ளைகள் எல்லை என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். காற்று முடிந்து விண்வெளி தொடங்கும் இடம் எல்லை. சிறகு வேலை செய்யாமல் போகும் உயரம் எல்லை. கூண்டு விழக்கூடிய கடல் கட்டத்தின் ஓரமும் எல்லை. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? விளிம்பு என்று ஒன்று இருக்கிறது, வரம்பு இருக்கிறது, கரை இருக்கிறது. இவர்கள் சோம்பேறித்தனத்துக்குத் தமிழ் என்ன செய்யும்? இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "எல்லைன்னா எந்த எல்லைன்னு கேக்கறவங்க கார்த்திகா அக்கா மட்டும்தான்" என்றான் அஸ்வின். குருவியின் மூளையை எழுதுகிறவன் அவன். கெட்டிக்காரன், கூடவே அவசரக்காரன்.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. ராக்கெட் கிளம்பலாமா கூடாதா என்று கடைசியில் தலையாட்ட வேண்டியவள். அதைவிட முக்கியமான ஒரு உறவும் எனக்கு அந்தக் கம்பெனியில் இருந்தது. கடலில் விழும் கூண்டைப் படகில் போய் எடுத்து வருகிற கன்னியப்பன் என் கணவன்.

அப்பா ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தியவர். நான் கன்னியப்பனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, "முத்தாபுதுப்பேட்டைக்காரன், அவன் பேசுற பேச்சே நமக்குப் புரியாதே" என்று வருத்தப்பட்டார். எனக்கு அந்தப் பேச்சுதான் பிடித்தது. அதில் ஒளிவு மறைவே கிடையாது.

காற்று எங்கே முடிகிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஏமாற்றத்தைத்தான் தரும். அது முடிவதே இல்லை. மேலே போகப் போக மெலிகிறது, அவ்வளவுதான். ஐந்தரை கிலோமீட்டர் ஏறினாலே பாதிக் காற்று காலுக்குக் கீழே போய்விடும். நூறு கிலோமீட்டரில் நம் வீட்டு வாசலில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் நானூறு கிலோமீட்டரில் சுற்றும் விண்வெளி நிலையத்தைக்கூட அந்த மிச்சம் மீதிக் காற்று பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வப்போது அதை மேலே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இதில் கோடு எங்கே கிழிப்பது?

கிழிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விமானத்தைத் தாங்குவது காற்று. காற்று மெலிந்தால் விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். இன்னும் மெலிந்தால் இன்னும் வேகம். ஒரு கட்டத்தில், காற்றில் மிதக்கத் தேவையான வேகம், காற்றே இல்லாமல் பூமியைச் சுற்றிவரத் தேவையான வேகத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் சிறகு வெறும் சுமை. அந்த இடத்தைத்தான் கார்மன் கோடு என்கிறார்கள். எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பறத்தல் சாதனைகளைப் பதிவு செய்யும் உலகச் சங்கம் முழு எண்ணாக இருக்கட்டும் என்று நூறு என்றது. அமெரிக்கர்கள் எண்பதைத் தாண்டினாலே விண்வெளி வீரர் என்று சட்டையில் சிறகு குத்திவிடுகிறார்கள். உலக நாடுகளெல்லாம் சேர்ந்து போட்ட விண்வெளி ஒப்பந்தத்தில் கோடே கிடையாது. நம் ஊர்ச் சட்டத்திலும் இல்லை. காற்றின் தாங்குதலால் நிற்கும் இயந்திரம் விமானம் என்று விமானச் சட்டம் சொல்லும். அந்தத் தாங்குதல் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது.

யாரும் கிழிக்காத கோட்டை ஆளாளுக்கு வசதியான இடத்தில் கிழித்துக்கொள்ளலாம். அதில்தான் எங்கள் குடி முழுகியது.

முதல் குருவி நூற்றுப் பத்து கிலோமீட்டர் போவதாக இருந்தது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எண்பத்து நான்கிலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிட்டது. கூண்டு கடலில் விழுந்தது. பாராசூட் பாதிதான் விரிந்திருந்தது, கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. கன்னியப்பனின் படகு தொலைவில் நின்றதால் போய்ச் சேருவதற்குள் கூண்டு முக்கால்வாசி மூழ்கிவிட்டது. கொக்கியை மாட்டி எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு கம்பெனியில் எல்லோரும் பேசியது ஒன்றே ஒன்றுதான். எண்பத்து நான்கு விண்வெளியா, இல்லையா?

"நூறுன்னா நாம தோத்துட்டோம். எண்பதுன்னா ஜெயிச்சுட்டோம்" என்றார் பரந்தாமன் சார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஊழியர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனால் தூக்கம் வராத மனிதர். ஆனால் விண்வெளி என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், பெருமாள் கோயில் உண்டியலைக் கண்ட பக்தர் மாதிரி முகம் மாறிவிடும். "இனிமே நம்ம எல்லை எண்பது. அஸ்வின், மாத்திடு. அடுத்த குருவி எண்பதைத் தாண்டுறப்போ திரையில பச்சையா வரணும், 'எல்லை கடந்தது'ன்னு. மாலையும் பத்திரிகைக்காரங்களும் நம்ம அம்பத்தூருக்கே வரட்டும்."

அஸ்வின் மாற்றினான். ஒரே ஒரு எண். நூறு இருந்த இடத்தில் எண்பது. சில வாரங்களில் எல்லா சோதனையும் முடிந்து அனுமதியும் வந்துவிட்டது.

அனுமதி வந்த அன்று மாலை, அதுவரை மூலையில் கிடந்த பழைய கூண்டைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்த கன்னியப்பன் என்னைக் கூப்பிட்டான்.

"இன்னாமே, இங்க வந்து பாரு. இந்த காஸ் பாட்டில் ஃபுல்லா கீது."

"மூணு சமோசா" என்றேன்.

"சமோசா கெடக்குது, நீ மொதல்ல பாரு. மேல போயி பீச்சறதுக்குன்னு தான வச்சாங்கோ? ஒரு சொட்டு கூட செலவாவல. வாங்கின மேனிக்கே கீது."

குனிந்து அழுத்தமானியைப் பார்த்தேன். முள் நிரம்பிய இடத்திலேயே நின்றது.

கூண்டுக்கு நான்கு சிறு சிறகுகள் உண்டு. காற்று இருக்கும் வரை அவைதான் அதன் தலையை நேராக வைத்திருக்கும். காற்று போனதும் சிறகை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை, தண்ணீர் இல்லாத குளத்தில் துடுப்புப் போடுவது மாதிரி. அங்கே வேலை செய்யத்தான் அந்த வாயு. பக்கவாட்டுத் துளைகள் வழியாகச் சீறிக் கூண்டைத் திருப்பிவிடும். எல்லைக்குக் கீழே சிறகு, எல்லைக்கு மேலே வாயு. அஸ்வின் அப்படித்தான் எழுதியிருந்தான்.

எந்த எல்லை என்று அவனை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினான். காட்டிக்கொண்டே இருந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

ஒரே எல்லைதான். விண்வெளிக்குப் போய்விட்டோம் என்று திரையில் காட்டுவதற்கும், சிறகிடமிருந்து வேலையை வாங்கி வாயுவிடம் கொடுப்பதற்கும் ஒரே சொல், ஒரே எண். பரந்தாமன் சார் நூறு என்று எழுதிக் கொடுத்தது பெருமைக்கான கோடு. அஸ்வின் அதையே கூண்டின் கழுத்தில் மாட்டிவிட்டான். ஆனால் எங்கள் வேகத்துக்குச் சிறகின் பிடி ஐம்பத்தைந்து கிலோமீட்டரிலேயே விட்டுப்போகும். முதல் குருவி நூறைத் தொடவே இல்லை. அதனால் வாயு விழிக்கவே இல்லை. குருவியிலிருந்து பிரிந்தது முதல் ஐம்பத்தைந்துக்கு இறங்கும்வரை கூண்டுக்கு நாதியே இல்லை. உருண்டுகொண்டே இறங்கியிருக்கிறது. பாராசூட் கயிறு முறுக்கியது அதனால்தான். எஞ்சின் குறைச்சலைக் கழித்த பிறகும், கணக்குப் போட்ட இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னதாக, கரைப்பக்கமாக விழுந்ததும் அதனால்தான். நேராக வரும் கூண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும். உருண்டு வருவதைக் காற்று சீக்கிரமே தடுத்துவிடும்.

"இப்ப எண்பதுன்னு மாத்தியாச்சே அக்கா, வாயு முழிச்சுக்குமே" என்றான் அஸ்வின். குரல் இறங்கியிருந்தது.

"எண்பதுக்கு மேலதான்டா முழிக்கும். இறங்கும்போது எண்பதுல மறுபடி தூங்கிடும். எண்பதுலேர்ந்து ஐம்பத்தைந்து வரைக்கும் யாரு பாத்துக்கறது?"

இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு இடம் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடந்தது. விமானமும் போகாத, செயற்கைக்கோளும் தங்காத இடம் அது. அதைப் பற்றி நினைத்தாலே எனக்கு ஆளில்லாத ரயில்வே கேட் நினைவு வந்தது.

பரந்தாமன் சாரிடம் போனேன். குருவி கிளம்பக் கூடாது என்றேன். அவர் கத்தவில்லை. நாற்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"மூளையில ஒரு எழுத்தை மாத்தினாலும் மறுபடி எல்லா சோதனையும் பண்ணணும், அனுமதி ஆபீஸுக்கு மறுபடி அனுப்பணும். அதுக்குள்ள வடகிழக்கு மழை வந்துடும். அப்புறம் தை மாசம்தான். அதுவரைக்கும் இந்தக் கொட்டகை இருக்காது கார்த்திகா. நீயே சொல்லு, கூண்டு உருண்டா என்ன நஷ்டம்?"

"கூண்டு உடையும்."

"உடையட்டும். மேல போன தகவல் வந்தா போதும். ஆளுக்கு ஆபத்து உண்டா?"

யோசித்தேன். கூண்டு நாற்பது கிலோ. பாராசூட் விரியாமல் விழுந்தால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டால், பழைய கடல் கட்டத்தின் கரைப்பக்க ஓரத்தைத் தாண்டி வெளியே விழுந்தது. அந்த ஓரத்துக்குச் சற்று வெளியேதான் கன்னியப்பனின் படகு நிற்கும். போன முறை கூண்டு மூழ்கப் பார்த்ததால், இந்த முறை ஓரத்தை ஒட்டியே நிற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கட்டத்தைக் கரைப்பக்கமா ஆறு கிலோமீட்டர் பெரிசாக்கணும். அதுக்குள்ள ஒரு தோணி கூட இருக்கக் கூடாது. நம்ம படகும் சேர்த்துத்தான்" என்றேன். "இதுக்கு ஒத்துக்கிட்டா நான் தலையாட்டுறேன்."

"அவ்வளவுதானே? செஞ்சுடலாம்" என்றார். அவர் செய்யவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். புதிய கட்டத்தின் நான்கு மூலைகளும் அட்சம், தீர்க்கம் என்று எண்களாகத் துறைமுகத்துக்கும், கடலோரக் காவலுக்கும், மீன்பிடிக் கிராமங்களுக்கும் போயின. நானே ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன்.

குருவி கிளம்புவதற்கு முந்தைய நாள் விடிகாலையில், வெள்ளானூர் ஃபிளாட்டில், கன்னியப்பன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். வடக்கே கடற்கரைக்கு வேனில் போய்த் தங்கி, மறுநாள் படகேற வேண்டும். எங்கள் ஃபிளாட்டின் பின்னால் இருந்த வயல் இப்போது மனைகளாகிவிட்டது. ஒவ்வொரு மனைக்கும் நான்கு கல் நட்டிருந்தார்கள். ஒரு கல்லின் மேல் காக்கை ஒன்று உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ், இந்தத் தடவை தூரமா நில்லு. புதுக் கட்டம் பெரிசு" என்றேன்.

"சொன்னாங்கோ, சொன்னாங்கோ. ரேஷ்மா பொண்ணு காலைல வயர்லெஸ்ல சொல்லுமாம். நா இன்னா, வானத்துல இருந்து வுழறத கையிலயா புடிக்கப் போறேன்?"

"விளையாடாத. எனக்குப் பயமா இருக்கு."

அவன் பையை விட்டுவிட்டுக் கிட்டே வந்தான். "எங்க ஊர்ல எல்லையம்மனுக்கு ஒரு கல்லு கீது, தெரியுமில்ல? அதத் தாண்டிப் போறவன் திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்கோ. நா எப்பவும் திரும்பிப் பாப்பேன். ஒண்ணும் ஆவல. இதோ உன்னாண்ட வந்து மாட்டிக்கினேன், அவ்ளோதான்." சிரித்தான். கீழே வேன் ஹாரன் அடித்தது. தெருமுனை திரும்பும்போது அன்றும் திரும்பிப் பார்த்தான். நானும் கை காட்டினேன்.

மறுநாள் காலை அம்பத்தூர்க் கொட்டகையில் கூட்டம். ஏவுதளத்தில் சிலர்தான், மற்ற அத்தனை பேரும் இங்கே திரைகளின் முன்னால். பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள், வாசலில் சாமந்தி மாலை. ஒரு தட்டு நிறையச் சமோசா வேறு, வேடிக்கைக்காக. ரேஷ்மா காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலோடு பேசிக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் கல்லூரி முடித்தவள், சொன்ன வேலையைத் தப்பாமல் செய்கிறவள். அவள் பேசுவது கரையிலிருந்த வயர்லெஸ் வழியாகப் படகுக்குப் போகும்.

ஒவ்வொருவராக 'தயார்' சொன்னார்கள். எஞ்சின் தயார். மூளை தயார். வானிலை தயார்.

"கடல்?" என்றார் பரந்தாமன் சார்.

"மீனவங்க யாரும் இல்ல சார். காவல் படகு சுத்திப் பாத்தாச்சு. ரேடார்ல ஒரே ஒரு புள்ளி, அது நம்ம படகுதான்னு காவல் படகுக்குச் சொல்லிட்டேன்" என்றாள் ரேஷ்மா. "நம்ம படகு எல்லைக்கு வெளிய நிக்குது."

"கடல் தயார்" என்று அவரே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அறையே என்னைப் பார்த்தது. எல்லைக்கு வெளியே. நான் கேட்டதும் அதுதான். தலையாட்டினேன்.

குருவி கிளம்பியது. திரையில் வெள்ளைப் புகை, தரையில் லேசான அதிர்வு மாதிரி ஒரு பிரமை. உண்மையில் அது வெளியே பாடிக்குப் போன பஸ்ஸாக இருக்கும். பத்து கிலோமீட்டர், இருபது, முப்பது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை தொண்டையில் சிக்கிய முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. படகு ரேடாரில் தெரிகிறது என்றாளே? ரேடார் பார்ப்பது புதிய கட்டத்துக்குள் மட்டும்தானே?

"ரேஷ்மா, படகு எந்த எல்லைக்கு வெளிய நிக்குது?"

"எல்லைக்கு வெளியதான்க்கா."

"எந்த எல்லை? பழசா, புதுசா?"

அவள் முகத்தில் அந்தக் கேள்வி போய்ச் சேருவதைப் பார்த்தேன். "நம்ம எல்லைக்கா. எப்பவும் நிக்கிற எல்லை" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துபோய், கை வாய்க்குப் போனது.

அவள் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். "யோவ்! கன்னியப்பா! படகை எடு. தெற்கே எடு, முழு வேகத்துல எடு!"

இரைச்சல். பிறகு அவன் குரல், அலைக்குள்ளிருந்து வருவது போல. "இன்னாமே, நீயா பேசற? நாங்க எல்லைக்கு வெளியதான் கீறோம், நீ கவலப்படாத."

"அது பழைய எல்லை! நீ உள்ள நிக்கிற! கரைப்பக்கம் வேணாம், அங்கதான் விழும், தெற்கே போ!"

"இன்னாது? காத்து ஜாஸ்தியா கீது, சரியா கேக்கல. திரும்பச் சொல்லு."

அந்த நேரத்தில் அறை வெடித்தது. பெரிய திரையில் எண்பது என்ற எண் ஓடி மறைய, பச்சையில் எழுத்து வந்தது. எல்லை கடந்தது. கைதட்டல், விசில், யாரோ அழுதார்கள். பரந்தாமன் சார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நான் அந்தச் சத்தத்துக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். தெற்கே, தெற்கே, தெற்கே. அவன் காதில் விழுந்திருந்தால் அந்தக் கைதட்டல்தான் விழுந்திருக்கும்.

"ஓ, மேல போயிடுச்சா? சந்தோசம்மே" என்றான்.

குருவி தொண்ணூற்றிரண்டு வரை போனது. அங்கே கூண்டு பிரிந்தது. வாயு சீறியது. கூண்டு அழகாகத் திரும்பி, தலை நேராக இறங்க ஆரம்பித்தது. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு. எண்பது. பச்சை எழுத்து அணைந்தது. வாயு நின்றது. அதற்குள் அஸ்வினும் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். கூண்டின் தலை போகும் திசையைக் காட்டும் முள் முதலில் ஒரு மயிரிழை சாய்ந்தது. எழுபதில் கால்வாசி திரும்பியிருந்தது. அறுபதில் பக்கவாட்டில் படுத்துவிட்டது. ஐம்பத்தைந்தில் சிறகுக்குக் காற்று கிடைத்தபோது, முள் சுற்றிக்கொண்டிருந்தது.

"சிறகு பிடிக்கலக்கா" என்றான் அஸ்வின். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கடல் படத்தில் சிவப்புப் புள்ளி, விழும் இடத்தைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் கரைப்பக்கமாக. பழைய கட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. தாண்டியது. பாராசூட் விரிய வேண்டிய உயரத்தில் விரியவில்லை. கைதட்டல் அறைக்குள் இன்னும் ஓயவில்லை. பின்வரிசையில் சமோசாத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது.

காதில் அவன் குரல் மறுபடியும் தெளிவாகக் கேட்டது. காற்று அடங்கியிருக்க வேண்டும். "கார்த்தி, குடை விரியலியே? எங்க கீதுன்னு தெர்ல. நாங்க பாத்துக்கினேதான்..."

அதற்குப் பிறகு கடல் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். பரந்தாமன் சார் வந்து கருவியை என் காதிலிருந்து எடுத்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. மாலை வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

படகை ஓட்டிய துலுக்கானம் பிழைத்துக்கொண்டார். காவல் படகு அவரை ஒரு பலகையோடு சேர்த்துத் தூக்கியது. கன்னியப்பனை மறுநாள் கரையில் எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் நல்லவர்கள்தான். எல்லாவற்றையும் கேட்டார்கள். மீனவர்களுக்கு எப்படித் தெரிவித்தீர்கள் என்றார்கள். எண்களைக் காட்டினோம். மூலைக்கு மூலை, அட்சம் தீர்க்கம், ஒரு பிழை கிடையாது. அந்தக் காலையில் ஒரு மீனவர்கூட உள்ளே இல்லை. உங்கள் படகுக்கு எப்படித் தெரிவித்தீர்கள் என்றார்கள். ஊராருக்கெல்லாம் எண்ணைக் கொடுத்தோம். வீட்டு ஆளுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தோம்.

காரியம் முடிந்த பிறகு துலுக்கானம் முத்தாபுதுப்பேட்டையில் கன்னியப்பன் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். கையில் கட்டோடு, உட்காராமல் வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"காலைல அந்தப் பொண்ணு வயர்லெஸ்ல சொல்லிச்சும்மா, எல்லைக்கு வெளிய நில்லுங்கோன்னு. உங்க ஊட்டுக்காரரு சும்மா வுடல. திருப்பிக் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"எந்த எல்லைன்னு கேட்டாரும்மா. அந்தாண்ட யாரோ சிரிச்சாங்கோ. 'உங்க ஊட்டம்மா மாரியே கேக்கறீங்களே, நம்ம எல்லைதான்'னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. உங்களச் சொன்னதும் இவரும் சிரிச்சிட்டு, சரின்னாரு."